சட்டைப் பையின் மூலை இஸ்திரி மேசையில்தான் உருவாகிறது
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தையல் பிரிவுப் பயிற்றுநர் ஆற்றிய உரை)



எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்காங்க. தையலைப் பற்றி அரை மணி நேரத்தில் எல்லாமும் பேச முடியாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். சட்டையின் மார்பில் மேலே வைத்துத் தைக்கிறோமே, அந்தப் பை. அதன் மூலைகள் கூர்மையாக இருக்கணும், அதைச் சுற்றி ஓடுகிற மேல்தையல் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கணும். இதற்கு என்ன செய்யணும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் மாநிலத்தில் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கு. அரசுப் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. தனியார் பள்ளிகளின் ஆர்டர்கள் நம்மைப் போன்ற குழுக்களுக்கும் வருகின்றன. இந்தச் சட்டைகளை வாங்குகிறவர் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது காலரையும் பையையும்தான். உள்தையல் கொஞ்சம் வளைந்திருந்தால் அது உள்ளேயே போய்விடும். பை நெஞ்சுக்கு நேரே நிற்கிறது, அதை ஒளிக்க முடியாது.

போன வருடம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு ஒரு பள்ளிக்கு இளநீலத்தில் 60 டெரிகாட்டன் சட்டைகள் தைத்துக் கொடுத்தது. அதில் 11 சட்டை திரும்பி வந்தது. சீட்டில் "பை சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்தாங்க. அந்தப் பதினொன்றையும் நாங்கள் மேசையில் பரப்பி, என்ன குறை என்று பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தோம். ஆறு சட்டையில் பையின் கீழ் மூலை உருண்டையாக இருந்தது, அல்லது உள்ளே மடித்த துணி காது மாதிரி வெளியே எட்டிப் பார்த்தது. மூன்று சட்டையில் மூலை பரவாயில்லை, மேல்தையல் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. இரண்டு சட்டையில் பை அழகாக இருந்தது, ஆனால் சட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

முதல் இரண்டு குவியலிலும் பையைப் பிரித்து மறுபடி தைத்துச் சரிசெய்ய முடிந்தது. புதுத் தையல் பழைய தையல் இருந்த ஓரத்திலேயே விழுந்ததால் பழைய ஊசித்துளைகள் மறைந்துவிட்டன. மூன்றாவது குவியலில் அது முடியவில்லை. சாய்ந்த பையை நேராக்கினால் பழைய துளை வரிசை பைக்கு வெளியே தெரிகிறது. டெரிகாட்டனில் விழுந்த ஊசித்துளை நகத்தால் தேய்த்தாலும், ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டாலும் முழுசாக மறைவதில்லை. அந்த இரண்டு சட்டைக்கும் முன்பக்கத் துணியையே மாற்ற வேண்டியதாயிற்று. தைப்பதற்குக் கூலி உண்டு. பிரிப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை.

இந்த மூன்று குவியலுக்கும் காரணம் தேடிப் பார்த்தால், பெரும்பாலானது மெஷினில் உட்காருவதற்கு முன்பே நடந்திருந்தது. அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பையை அட்டையில் மடித்து அழுத்துவது

ஒரு பையை எடுத்துக்கொள்வோம். தைத்து முடித்த பிறகு அகலம் 4 இஞ்ச், உயரம் 4½ இஞ்ச், அடிப்பக்கம் நேராக இருக்கும் பை. நூல் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இரண்டு பக்கமும் அடியிலும் மடிக்க மூன்று மூன்று நூல் விடுகிறோம். மேலே பட்டை மடிக்க 1 இஞ்சும், அதன் ஓரம் மடங்க 2 நூலும் விடுகிறோம். அப்படியென்றால் வெட்ட வேண்டிய துணி, அகலம் 4 இஞ்ச் 6 நூல், உயரம் 6 இஞ்ச் 1 நூல். துணியின் நீளவாட்டு இழை பையின் உயரத்தோடு நேராக ஓடணும். மிச்சத் துணியில் கிடைத்த இடத்தில் சாய்வாக வெட்டினால், அந்தப் பை இஸ்திரி போடும்போதே இழுபட்டு வடிவம் மாறும். பிறகு எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் அது நேராக நிற்காது.

மடிக்க ஒரு அட்டை வேண்டும். பழைய கோப்பு அட்டை போதும். வழவழப்பாகப் பிளாஸ்டிக் பூசிய கல்யாணப் பத்திரிகை அட்டை வேண்டாம், சூட்டில் பூச்சு உருகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். இரும்பு ஸ்கேல் வைத்து பிளேடால் 4 இஞ்சுக்கு 4½ இஞ்ச் வெட்டுங்க. கத்தரியால் வெட்டினால் ஓரம் அலை அலையாக வரும். வெட்டியதும் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்க. இரண்டு அளவும் ஒரே மாதிரி, சுமார் 6 இஞ்ச் வரணும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் அட்டை கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோணல் அதில் மடிக்கிற எல்லாப் பையிலும் வரும்.

இப்போது மேல் பட்டை. மேல் ஓரத்தில் 2 நூல் துணியைத் துணியின் தப்புப் பக்கம் மடித்து அழுத்துங்க. பிறகு பட்டையை 1 இஞ்ச், நல்ல பக்கத்தின் மேல் மடியுங்க. ஆமாம், நல்ல பக்கத்தின் மேல்தான். இரண்டு பக்க ஓரத்திலும் அந்தப் பட்டையின் உயரத்துக்கு மட்டும், ஓரத்திலிருந்து 3 நூல் உள்ளே ஒரு தையல் போடுங்க. துணியின் தடிமனுக்கு இடம் கிடைக்க, கோட்டிலிருந்து ஒரே ஒரு இழை வெளியே தள்ளித் தைத்தால் நல்லது. மேல் மூலையில் இருக்கிற மிச்சத் துணியைச் சாய்வாக நறுக்கிவிட்டு, பட்டையை உள்பக்கம் திருப்புங்க. மூலையை வெளியே தள்ளக் கத்தரி நுனியைப் பயன்படுத்தாதீங்க, துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். மழுங்கிய மரக்குச்சி போதும். இப்படிச் செய்வதால் பட்டையின் வெட்டு ஓரம் மேல் மூலையில் மூக்கை நீட்டுவதற்கு வழியே இல்லை. வெறுமனே இரண்டு முறை மடித்துத் தைத்த பட்டையில் அது எத்தனை கவனமாக இருந்தாலும் எங்காவது எட்டிப் பார்க்கும்.

அடுத்து கீழ் மூலை. முதல் குவியலில் இருந்த ஆறு சட்டையின் குறை இங்கேதான். பையைத் தப்புப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் போடுங்க. அட்டையை மேல் பட்டைக்குள் நுழைத்து, பையின் மேல் வையுங்க. சுற்றிலும் 3 நூல் துணி வெளியே நிற்கும். பலர் இப்போது பக்கத்தை மடித்துவிட்டு, பிறகு அடியை மடிப்பாங்க. அப்படி மடித்தால் மூலையில் ஒரு மடிப்பின் மேல் இன்னொரு மடிப்பு நேராக ஏறுகிறது. ஒரு மடிப்பு இம்மியளவு சாய்ந்தாலும் அதன் ஓரம் பக்கவாட்டில் காதாக நீட்டும். அந்தக் காதை உள்ளே தள்ளித் தள்ளித் தைக்கிறபோது மூலை உருண்டுபோகும்.

அதற்குப் பதிலாக மூலையை முதலில் மடியுங்க. துணியின் மூலையை அட்டையின் மூலைக்கு மேலாகச் சாய்வாக மடிக்கணும். மடிப்புக் கோடு அட்டையின் கூர் முனையைத் தொட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் சமச் சாய்வாகப் போகணும். உள்ளே ஒரு சின்ன முக்கோணம் விழும். அதை அழுத்துங்க. முக்கோணத்தின் நுனியை மடிப்பிலிருந்து 2 நூல் விட்டு நறுக்கிடுங்க. மடிப்பு வரை ஒட்ட நறுக்கக் கூடாது. டெரிகாட்டனின் இழை பிரிந்து, நாலு முறை துவைத்ததும் முனையில் ஓட்டை விழும். இரண்டு கீழ் மூலையும் இப்படி முடிந்த பிறகு அடிப்பக்கத்தை அட்டையோடு ஒட்டி மடித்து அழுத்துங்க. பிறகு இரண்டு பக்கங்களையும் மடியுங்க. இப்போது மூலையில் இரண்டு மடிப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், படச் சட்டத்தின் மூலை மாதிரி சாய்வாகச் சந்திக்கும். காது வர இடமில்லை.

அழுத்துவது எப்படி என்றும் சொல்லணும். இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டித் தேய்க்காதீங்க. ஓட்டினால் மடிப்பு அட்டையை விட்டு நகரும். வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்க. டெரிகாட்டனுக்கு நடுத்தரச் சூடு. அதிகமானால் துணி பளபளப்பாகிவிடும், அந்தப் பளபளப்பு பிறகு போகாது. கரிப்பெட்டியாக இருந்தால் முதலில் ஒரு துண்டுத் துணியில் வைத்துப் பாருங்க. பையின் மேல் ஒரு பழைய வேட்டித் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து போட்டு அழுத்தினால் மடிப்பு நன்றாக விழும். விரல் சுடாமல் மடிக்க ஒரு ஐஸ்கிரீம் குச்சி வைத்துக்கொள்ளுங்க.

இதில் நிறைய பேர் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கு. சூட்டோடு அட்டையை உருவாதீங்க. இந்தத் துணியில் மடிப்பு ஆறும்போதுதான் நிலைக்கும். சூடாக இருக்கும்போது எடுத்தால் மடிப்பு மறுபடி தளர்ந்து ஓரம் வளையும். இஸ்திரிப் பெட்டியை எடுத்ததும் அதன் இடத்தில் ஒரு வழவழப்பான மரக்கட்டையை வைத்து, பதினைந்து எண்ணுங்க. பிறகு அடி மடிப்பை மெல்லத் திறந்து அட்டையை உருவி, மறுபடி மடித்துவிடலாம். கோடு அப்படியே நிற்கும்.

அட்டையை எடுத்த பிறகு மேல் பட்டையின் கீழ் ஓரத்தில் குறுக்கே ஒரு தையல் ஓட்டுங்க. பை தயார். சட்டையில் வைப்பதற்கு முன் ஒரு சோதனை இருக்கு. பையை நெடுக்கே நடுவில் இரண்டாக மடியுங்க. இடது மூலையும் வலது மூலையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பாருங்க. உட்காரவில்லை என்றால் அந்தப் பை மறுபடி இஸ்திரி மேசைக்குப் போகணும். இங்கே திருத்த ஒரு நிமிடம் ஆகும். தைத்த பிறகு என்றால் பிரித்து, துளை தேய்த்து, மறுபடி மடித்துத் தைக்க அரை மணி நேரமாவது போய்விடும்.

அட்டையின் முனைகளையும் அடிக்கடி பாருங்க. சூடும் ஈரமும் பட்டு முனை மழுங்கும். மழுங்கிய அட்டையில் மடித்த பையின் மூலையும் மழுங்கித்தான் வரும். பத்துப் பைக்கு ஒரு முறை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றுங்க.

சட்டையில் இடம் குறிப்பது

சாய்ந்திருந்த அந்த இரண்டு சட்டையில் நடந்தது இதுதான். பையின் மேல் மூலை ஒன்றுக்கு மட்டும் சாக்பீஸ் புள்ளி வைத்திருந்தாங்க. ஒரே ஆணியில் மாட்டிய காலண்டர் எப்படி இரண்டு பக்கமும் ஆடுமோ, ஒரு புள்ளியில் வைத்த பையும் அப்படித்தான் திரும்பும். தைக்கிறவர் கண்ணுக்கு அது நேராகத் தெரியும், ஏனென்றால் சட்டையே மெஷினில் கொஞ்சம் சாய்ந்து கிடக்கும்.

நாலு மூலைக்கும் புள்ளி வேண்டும். பித்தான் பட்டையை முதலில் மடித்துத் தைத்து முடித்துவிடுங்க. அதன் ஓரத்திலிருந்து பை வரைக்கும் உள்ள தூரத்தை, உதாரணமாக 2 இஞ்ச் என்று வைத்தால், பையின் மேல் மூலையிலும் அளங்க, கீழ் மூலையிலும் அளங்க. இரண்டும் ஒன்றாக இருந்தால் பை நேர். பட்டை மடிப்பதற்கு முன் வெட்டு ஓரத்திலிருந்து அளந்தால், பட்டை கொஞ்சம் ஏறக்குறைய மடிந்தாலும் பை சாய்ந்துவிடும். புள்ளியை மூலையின் மேலேயே வைக்காமல் ஒரு நூல் உள்ளே தள்ளி வையுங்க. பை வைத்ததும் அது மூடிக்கொள்ளும். ஒரே அளவில் பல சட்டை இருந்தால், சட்டையின் முன்பக்க வடிவத்தில் ஒரு அட்டை வெட்டி, நாலு புள்ளிக்கும் ஓட்டை போட்டுவிட்டால் ஒவ்வொரு சட்டையிலும் அளக்க வேண்டியதில்லை. கட்டம் போட்ட துணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பையின் கோடும் சட்டையின் கோடும் சேர்ந்து ஓடணும். ஒரு கோடு விலகினாலும் அது தூரத்திலிருந்தே தெரியும்.

பையை வைத்து, குண்டூசியை ஓரத்துக்குக் குறுக்காகக் குத்துங்க. புதிதாகத் தைக்கிறவங்க குண்டூசியோடு நிற்காமல், ஓரத்திலிருந்து 2 நூல் உள்ளே கையால் ஒரு ஓட்டுத் தையலும் போட்டுவிடுங்க. காரணம் சொல்றேன். மெஷினில் கீழே இருக்கும் பற்கள் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகின்றன. மேலே இருக்கும் பையை ஃபுட் அழுத்திக்கொண்டு நிற்கிறது. அதனால் சட்டைத் துணி சீக்கிரம் போகும், பை கொஞ்சம் பின்தங்கும். ஒவ்வொரு இஞ்சிலும் ஒரு இழை பின்தங்கினாலும், கீழ் மூலைக்கு வரும்போது பை புள்ளியைத் தாண்டி உங்கள் பக்கம் தள்ளி வந்திருக்கும். ஓட்டுத் தையல் அதைப் பிடித்து நிறுத்தும்.

மேல்தையல்

இரண்டாவது குவியலில் இருந்த மூன்று சட்டைக்கு இப்போது வருவோம். ஓரத்திலிருந்து அரை நூல் உள்ளே தையல் ஓடணும். அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு. இந்த அளவில் கொஞ்சம் நெளிந்தாலும் கண்ணில் படும்.

நெளிவதற்கு முதல் காரணம் ஃபுட் சாய்வது. பையின் உடல் எப்போதும் ஊசிக்கு இடது பக்கம் இருக்கும்படி தைக்கிறோம். அப்போது ஃபுட்டின் இடது விரல் பையின் தடித்த மடிப்பின் மேல் நிற்கும். வலது விரல் சட்டையின் ஒற்றைத் துணியில் நிற்கும். மேட்டில் ஒரு காலும் பள்ளத்தில் ஒரு காலும் வைத்து நடக்கிற மாதிரி. வேகமாக ஓட்டினால் ஃபுட் மேட்டிலிருந்து சறுக்கும், தையலும் சறுக்கும். ஒன்று, மெதுவாக ஓட்டணும். மற்றொன்று, மின்மெஷினில் தைக்கிறவங்களுக்கு ஒரு விரல் மட்டும் ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிற ஃபுட் கடையில் கிடைக்கிறது. தடித்த பக்கத்தின் உயரத்துக்கு அது தானாக ஏறிக்கொள்ளும், மடிப்பு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு போகும். வாங்கும்போது ஓரத்திலிருந்து அரை நூல் தைக்கிற ஃபுட் வேண்டும் என்று கேளுங்க, பல அளவில் வருகிறது.

இரண்டாவது காரணம் கண் இருக்கிற இடம். ஊசி ஏறி இறங்குவதையே பார்த்துத் தைத்தால் கோடு நெளியும். ஊசி துணியில் இறங்கிவிட்ட பிறகு அந்தத் தையலைத் திருத்த முடியாது. கண் ஊசிக்கு முன்னால், அரை இஞ்ச் தள்ளி, பையின் ஓரத்தில் இருக்கணும். பையின் ஓரம் ஃபுட்டின் வலது விரலின் உள் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறதா என்பதை மட்டும் பாருங்க. பல மெஷினில் அந்த இடம் ஊசியிலிருந்து அரை நூலுக்கு அருகில் இருக்கும். உங்கள் மெஷினில் எவ்வளவு என்று ஒரு துண்டுத் துணியில் தைத்து அளந்துவிடுங்க. மெஷின் பலகையில் டேப் ஒட்டிக் கோடு வைத்துக்கொள்வது பாவாடை ஓரம் தைக்க உதவும். பைக்கு உதவாது, ஏனென்றால் பை சட்டையின் நடுவில் இருக்கிறது, சட்டைத் துணி அந்த டேப்பை மூடிவிடும்.

தையல் அளவு இஞ்சுக்கு 10 முதல் 12 வரை வையுங்க. ஊசி 14ஆம் எண், முனை மழுங்காததாக. மழுங்கிய ஊசி இழையைத் தள்ளிக்கொண்டு போகும், தையலை ஒட்டிச் சின்னச் சுருக்கங்கள் வரும். அதே துணியில் அதே மடிப்பு போட்டு ஒரு துண்டில் முதலில் தைத்துப் பார்த்து, மேலும் கீழும் நூல் சமமாக விழுகிறதா என்று பாருங்க. ஒற்றைத் துணியில் சரியாக இருக்கிற டென்ஷன், மடிப்பின் மேல் போகும்போது மாறித் தெரியலாம்.

பையை உங்கள் முன் நேராக வைத்து, வலது மேல் மூலையில் தொடங்குங்க. குழந்தைகள் பேனாவைச் செருகி இழுக்கிற இழுப்பு முழுவதும் இந்த மேல் மூலையில்தான் விழுகிறது. அதனால் இங்கே ஒரு சின்ன முக்கோணம் வேண்டும். மூலையிலிருந்து 4 நூல் கீழே பக்க ஓரத்தில் தொடங்கி, மேல் ஓரத்தில் மூலையிலிருந்து 2 நூல் உள்ளே இருக்கிற இடத்துக்குச் சாய்வாக ஏறுங்க. அங்கிருந்து மேல் ஓரமாக மூலைக்கு வந்து, பிறகு பக்கமாகக் கீழே இறங்குங்க. ஒரே இடத்தில் ஐந்தாறு முறை முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டி பண்ணாதீங்க. துளைகள் நெருங்கி விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி, சட்டைத் துணியே அந்த இடத்தில் கிழியும். மெல்லிய துணி என்றால் மூலைக்கு அடியில், சட்டையின் உள்பக்கம், முக்கால் இஞ்ச் துண்டுத் துணி ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்துவிடுங்க.

இறங்கி வரும்போது நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் ஊசி துணிக்குள் இருக்கும்போதுதான் நிறுத்தணும். ஊசி வெளியே இருக்கும்போது கையை எடுத்தால் துணி ஒரு இழை நகரும், மறுபடி தொடங்கும்போது அங்கே ஒரு முடிச்சு மாதிரி வளைவு தெரியும்.

கீழ் மூலைக்கு அரை இஞ்ச் இருக்கும்போது காலை எடுத்துவிடுங்க. மிச்சத் தையல்களைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போடுங்க. கடைசித் தையல் அடி ஓரத்திலிருந்து சரியாக அரை நூலில் விழணும். ஒரு தையல் போட்டால் தாண்டிவிடும், போடாவிட்டால் எட்டாது என்ற நிலை வந்தால், துணியைக் கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் பாதித் தையல் விழும். ஊசி அடிவரை இறங்கி, மேலே எழத் தொடங்குகிற அந்த இடத்தில் நிறுத்துங்க. அப்போதுதான் கீழே இருக்கும் கொக்கி நூலைப் பிடித்திருக்கும், திரும்பிய பிறகு முதல் தையல் தவறாது. ஃபுட்டைத் தூக்கி, சட்டையைத் திருப்பி, அடி ஓரம் வலது பக்கம் வரும்படி வையுங்க. பையின் உடல் மறுபடி இடது பக்கம்தான் இருக்கும். ஃபுட்டை இறக்கித் தொடருங்க. அடுத்த மூலையிலும் இதே மாதிரி. கடைசியாக மேல் மூலைக்கு வந்ததும் முதலில் போட்ட முக்கோணத்தை மறு திசையில் போட்டு முடியுங்க.

மூலையில் ஃபுட் தடுமாறி நின்றால் அங்கே துணி தடித்திருக்கிறது என்று அர்த்தம். முக்கோணத்தின் நுனியை நறுக்க மறந்திருப்பீங்க. பலமாக இழுத்துத் தள்ளாதீங்க, ஊசி வளையும், தையல் ஒரே இடத்தில் குவியும். ஒரு காகித அட்டைத் துண்டை ஃபுட்டின் பின்பக்கம் அடியில் கொடுத்தால் ஃபுட் மட்டமாகி மூலையில் ஏறும்.

வேலையைப் பகிர்ந்துகொள்வது

கடைசியாக ஒன்று. ஒரு சட்டையை எடுத்து, பை மடித்து, தைத்து, அடுத்த சட்டையை எடுப்பது என்று வேலை செய்தால் இஸ்திரிப் பெட்டி நடுவில் ஆறிவிடும். அவசரத்தில் ஆறாத பையிலிருந்து அட்டையை உருவிவிடுவோம். 60 சட்டை ஆர்டர் என்றால் முதலில் 60 பையையும் மடித்து முடித்துவிடுங்க. மூன்று அட்டை இருந்தால் ஒன்று ஆறுவதற்குள் அடுத்ததை மடிக்கலாம். ஒருவர் மடிக்கட்டும், ஒருவர் ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து மூலையைச் சோதிக்கட்டும், ஒருவர் புள்ளி வைக்கட்டும். மெஷினில் உட்காருகிறவருக்கு நல்ல பையும் நாலு புள்ளியும் கைக்கு வந்துவிடும். அவர் கவனம் முழுவதும் கோட்டிலும் மூலையிலும் இருக்கும்.

முதல் சட்டையில் பை தைத்ததும் அதைச் சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பாருங்க. சாய்வு கைக்குள் இருக்கும்போது தெரியாது, தூரத்தில் தெரியும். அந்த ஒரு சட்டையில் தெரிகிற குறையை மற்ற ஐம்பத்தொன்பதில் வராமல் தடுத்துவிடலாம்.

ஜூனில் பள்ளி திறக்கும். அதற்கு முன் சீருடை ஆர்டர் வருகிற குழுக்கள், அளவுக்கு ஏற்ற அட்டைகளை இப்போதே வெட்டி வைத்துக்கொள்ளுங்க. இன்றைக்குச் சொன்ன 4 இஞ்ச் பைக்கான அட்டையும், மடித்து அழுத்திய மாதிரிப் பை ஒன்றும் தையல் பிரிவு மேசையில் வைத்திருக்கேன். சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, மூலை மடிப்பைப் பிரித்துப் பார்த்து, நீங்களே ஒரு முறை மடித்துப் பாருங்க. சந்தேகம் இருந்தால் அங்கேயே கேளுங்க.